வாக்கெடுப்புக்கு முன் சங்கச் செயலாளர் என்ன பேசலாம்? ஒரு அண்டி ஆபீஸ் கணக்கு

கேள்வி: "கருங்கல் பக்கம் அண்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் முந்திரி ஆலை ஒன்றில் சங்கச் செயலாளராக இருக்கிறேன். 3 வருட கூலி ஒப்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம். கொட்டை உடைப்புக்குக் கிலோவுக்கு 5 ரூபாய் கூட்டிக் கேட்டோம், 3.50 தருவதாகச் சொல்கிறார்கள். தரம் பிரிக்கிறவர்களுக்கு நாளுக்கு 30 கேட்டோம், 25 தருவார்களாம். ஏற்கலாமா என்று வாக்கெடுப்பு வைக்கிறோம். எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. யாரையும் நோகடிக்காமல், உள்ளதை உள்ளபடி எப்படிப் பேசுவது?"

பேச்சை எழுத உட்காரும் முன் வாக்குச் சீட்டை ஒருமுறை படித்துப் பாருங்கள். "ஏற்கிறேன்", "ஏற்கவில்லை" என்று இரண்டு கட்டம் இருக்கும். "ஏற்கவில்லை"க்கு அதிக வாக்கு விழுந்தால் மறுநாள் காலையில் என்ன நடக்கும்? வேலைநிறுத்தமா, திரும்பவும் பேச்சுவார்த்தையா? கன்னியாகுமரி மாவட்டத்து முந்திரி ஆலைகளில் கூலிப் பேச்சுக்குப் பல வருடம் போய் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கூட்டத்தில் பாதிச் சண்டை இங்கிருந்துதான் வரும். பாதிப்பேர் "இன்னும் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள்" என்ற எண்ணத்தில் "ஏற்கவில்லை" போடுவார்கள். மற்றவர்கள் அதையே "நாளை முதல் வேலைக்குப் போகமாட்டோம்" என்று எடுத்துக்கொள்வார்கள். அதனால் உங்கள் பேச்சின் முதல் இரண்டு நிமிடம் இதற்கே போகட்டும். ஏற்காவிட்டால் சங்கம் திரும்பப் பேசப் போகும். வேலைநிறுத்தம் வேண்டுமா என்பதற்குத் தனியாக இன்னொரு வாக்கெடுப்பு நடக்கும். இப்படி இரண்டாகப் பிரிப்பதுதான் நல்லது என்பது என் கருத்து. வேலைநிறுத்தத்துக்கு முன்னால் வாக்கெடுப்பு கட்டாயம் என்று மத்தியச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் உங்கள் சங்க விதிகளில் அப்படி இருக்கலாம், பதிவு செய்த விதிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். விதியில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று இருந்து, நீங்கள் மேடையில் பாதிக்கு மேல் போதும் என்று சொல்லிவிட்டால், அப்புறம் என்ன பேசினாலும் எடுபடாது.

அடுத்தது சட்டம். பழைய ஆட்கள் "நம்ம ஆபீசுக்கு நோட்டீஸ் எல்லாம் தேவையில்லை" என்பார்கள். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின்படி அது ஓரளவு சரி. முன்னறிவிப்புக் கட்டாயம் அப்போது பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்குத்தான் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் 2020-ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்த பிறகு நிலைமை வேறு. இப்போது எந்தத் தொழிற்சாலை ஆனாலும் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழிய வேண்டும். அந்த நோட்டீஸ் 60 நாள் வரைக்கும்தான் செல்லும். தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன் பேச்சு நடந்துகொண்டிருந்தால் அது முடிந்து 7 நாள் வரை வேலைநிறுத்தம் கூடாது. பாதிப்பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் வேலைநிறுத்தம் என்றே கணக்கு. "எல்லாரும் சேர்ந்து லீவு போடுவோம், யார் கேட்பார்" என்ற யோசனை உங்கள் கூட்டத்தில் கட்டாயம் எழும். அதற்குப் பதில் கையில் இருக்கட்டும்.

இதையெல்லாம் மேடையில் பிரிவு எண்ணோடு படிக்க வேண்டியதில்லை. தொழிலாளிக்குத் தெரிய வேண்டியது, முறைப்படி நடந்த வேலைநிறுத்தத்துக்கும் முறை தவறியதற்கும் தன் கைக்காசில் என்ன வித்தியாசம் என்பதுதான். முறைப்படி நின்றால் நின்ற நாள் கூலி போகும், அவ்வளவுதான். முறை தவறினால் 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதமோ, ஒரு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம். முன்னறிவிப்பும் தக்க காரணமும் இல்லாமல் பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து வராமல் நின்றால், நின்ற நாளுக்கு மேலாக 8 நாள் கூலி வரை பிடிக்க நிர்வாகத்துக்கு வழி இருக்கிறது. பணிக்கொடைக்கும் இழப்பீட்டுக்கும் தொடர்ச்சியான சேவை கணக்கிடும்போதும் சட்டப்படியான வேலைநிறுத்தம் சேவையை முறிக்காது, சட்டவிரோதமானது முறிக்கலாம். இதைப் பயமுறுத்துகிற குரலில் சொல்லாதீர்கள். "இந்த வழியில் போனால் இது, அந்த வழியில் போனால் அது" என்று பஸ் நேரம் சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னால் போதும்.

இன்னொன்றையும் கூட்டத்துக்கு முன்னாலேயே உறுதிப்படுத்துங்கள். பழைய ஒப்பந்தம் முடிந்துவிட்டதா? தேதி முடிந்தாலே ஒப்பந்தம் தானாகச் செத்துவிடாது. ஒரு தரப்பு எழுத்து மூலம் முடிவறிவிப்பு கொடுத்து 60 நாள் ஆகும்வரை அது இரண்டு தரப்பையும் கட்டும். அது கட்டிக்கொண்டிருக்கும்போது அதே கூலி விஷயத்துக்காக வேலைநிறுத்தம் செய்வது சட்டவிரோதம். நீங்கள் அந்தக் கடிதத்தைக் கொடுத்தீர்களா, என்று கொடுத்தீர்கள், ஒப்புகை எங்கே? இதற்குப் பதில் தெரியாமல் வாக்கெடுப்புத் தேதியை அறிவிக்காதீர்கள். படிவம், யாருக்கு நகல் போன்ற மாநில விதி சார்ந்த விவரங்களை நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டு, அதன்படியே செய்வது பாதுகாப்பு.

வாக்குக்கு வரக் கூடாத விஷயமும் உண்டு. தமிழ்நாட்டில் முந்திரித் தொழிலுக்குக் குறைந்தபட்சக் கூலி அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதோடு சேரும் அகவிலைப்படி விலைவாசிக் குறியீட்டின்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் திருத்தப்படும். கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. அதற்குக் கீழே ஒத்துக்கொண்டு சங்கமே கையெழுத்துப் போட்டாலும், அந்த அளவுக்கு அந்த ஒப்பந்தம் செல்லாது. ஆகவே புதிய கிலோ விலையில் ஒரு சராசரிப் பெண் நாளில் எடுக்கும் தொகை அந்த வரம்பைத் தொடுகிறதா என்று முதலில் பாருங்கள். தொடவில்லை என்றால் இது பேரம் பேசும் விஷயமே இல்லை, புகார் கொடுக்கும் விஷயம். தொடுகிறது என்றால், ஏப்ரல் தோறும் வரும் படி உயர்வை நிர்வாகம் "நாங்கள் தருவது" என்று தன் கணக்கில் காட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். நோட்டீஸ் போர்டில் 3 வருடத்துக்கு மொத்தம் இவ்வளவு உயர்வு என்று பெரிய எண் ஒன்றை எழுதி ஒட்டுவார்கள். அதில் சட்டப்படி வர வேண்டியதைக் கழித்த மிச்சம்தான் அவர்கள் தருவது. கழித்துக் காட்டுங்கள், குற்றம் சாட்ட வேண்டாம். அந்தக் கழித்தலைப் பார்த்தாலே எல்லோருக்கும் விஷயம் விளங்கும்.

இனி உங்கள் பேச்சின் நடுப்பகுதி. பெரும்பாலான சங்கப் பேச்சுகள் தடுமாறுவது இங்கேதான். "இரண்டு கட்சி" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டு கட்சியும் துணிச்சல் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று பிரிந்தவர்கள் இல்லை என்று நினைக்கிறேன். அவரவர் உட்காரும் பெஞ்சின் கணக்கு வேறு. உங்கள் எண்களை வைத்தே போட்டுப் பார்ப்போம். நீங்கள் சொல்லாததை ஒரு உதாரணத்துக்கு நானே வைத்துக்கொள்கிறேன், உங்கள் சம்பளச் சீட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். உடைப்புக்கு இப்போது கிலோ பருப்புக்கு 55 ரூபாய், ஒரு ஆள் நாளுக்கு 8 கிலோ, வருடத்தில் 200 நாள் வேலை. தரம் பிரிப்புக்கு நாள் கூலி 450.

கேட்டதற்கும் தருவதற்கும் உள்ள வித்தியாசம் கிலோவுக்கு ஒன்றரை ரூபாய். 8 கிலோவுக்கு 12 ரூபாய். 3 வருடத்தில் 600 வேலை நாள் என்றால் 7,200 ரூபாய். நிர்வாகம் சொன்னதை ஏற்று வேலைக்குப் போயிருந்தால் கிலோவுக்கு 58.50 வீதம் ஒரு நாளில் 468 ரூபாய் கிடைத்திருக்கும். வேலைநிறுத்தத்தில் ஒவ்வொரு நாளும் கைவிட்டுப் போவது இந்த 468. 7,200-ஐ 468-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 15 நாள் வருகிறது. அதாவது கேட்டது முழுக்கக் கிடைத்தாலும், வேலைநிறுத்தம் 15 நாளுக்கு மேல் போனால், இந்த ஒப்பந்தக் காலத்துக்குள் உடைப்புத் தொழிலாளிக்குப் போட்டது திரும்பாது. இதில் ஒரு விசேஷம் உண்டு. வேகமாக உடைக்கிறவருக்கும் மெதுவாக உடைக்கிறவருக்கும் இந்த 15 மாறாது. நாளுக்கு 6 கிலோ எடுக்கும் வயதான அக்காவுக்கு ஆதாயமும் குறைவு, இழப்பும் அதே விகிதத்தில் குறைவு. சேமநல நிதியும் இரண்டு பக்கமும் அதே விகிதத்தில் ஒட்டிக்கொண்டு வருவதால் நாள் கணக்கு அசையாது. யாராவது எழுந்து "பி.எஃப். சேர்த்தீர்களா" என்று கேட்டால் இதைச் சொல்லலாம்.

தரம் பிரிக்கிறவர்களுக்கு இதே கணக்கைப் போடுங்கள். வித்தியாசம் நாளுக்கு 5 ரூபாய், 600 நாளில் 3,000. ஒரு நாள் நின்றால் போவது 475. ஆறு நாளில் தீர்ந்துவிடும். உடைப்பு ஷெட்டில் "பத்து நாள் நின்று பார்ப்போமே" என்பது அர்த்தமுள்ள பேச்சு. தரம் பிரிக்கும் அறையில் அதே பேச்சு நஷ்டம். ஓய்வுக்கு ஒரு வருடமே இருக்கிற உடைப்புத் தொழிலாளிக்கு 200 நாள்தான் மிச்சம், அவருக்கு 5 நாள். "தரம் பிரிக்கிறவளுகளுக்கு மேஜைமேல் வேலை, போராட்டம் பிடிக்காது" என்றும், "உடைக்கிறவளுகளுக்கு எப்பவும் சண்டைதான்" என்றும் ஷெட்டுக்கு ஷெட் பேசிக்கொள்வார்கள். உங்கள் பேச்சில் இந்த இரண்டு எண்களையும், 15-ஐயும் 6-ஐயும், பக்கத்தில் பக்கத்தில் சொன்னீர்கள் என்றால் அந்தப் பேச்சுக்கு வேலை இருக்காது. மாற்றுக் கருத்தை மதிப்பது என்றால் எனக்குத் தெரிந்தவரை இதுதான். "உங்கள் கருத்தையும் மதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது மதிப்பு ஆகாது.

இதுவரை சொன்னது கூட்டல் கழித்தல், யார் போட்டாலும் ஒரே விடைதான். இனி வருவது அப்படி இல்லை என்பதையும் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். முதலாவது, வேலைநிறுத்தம் செய்தால் கேட்டது முழுக்கக் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. பாதிக்குப் பாதி, கிலோவுக்கு 75 பைசா மட்டும் கூடினால் உடைப்புக்காரரின் 15 நாள் 7 நாளாகச் சுருங்கும். ஒன்றுமே கூடாமலும் போகலாம். இரண்டாவது, வருடத்தில் 200 நாள் வேலை இருக்கும் என்பதே நம்பிக்கைதான். நம் ஆலைகளுக்கு வரும் பச்சைக் கொட்டையில் பெரும்பங்கு ஐவரி கோஸ்ட், தான்சானியா, கினி-பிசாவு போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கப்பலில் வருவது. கொட்டை வராவிட்டால் ஷெட் மூடிக்கிடக்கும். 150 நாள்தான் வேலை என்றால் 15 நாள் 11 ஆகும்.

மூன்றாவது இதற்கு நேர் எதிர்ப் பக்கம். அண்டி ஆபீஸின் வேலை நாளைத் தீர்மானிப்பது கிடங்கில் இருக்கும் கொட்டை. வேலைநிறுத்தத்தில் நின்ற நாட்களில் உடைபடாத கொட்டை எங்கும் போய்விடாது, வழக்கமாக வேலை இல்லாத மாதத்தில் அதையே உடைக்க நேரலாம். அப்படியானால் போன கூலியில் ஒரு பங்கு திரும்பி வரும், கணக்கு உடைப்புக்காரருக்குச் சாதகமாகச் சாயும். ஒரே முதலாளிக்கு இன்னொரு ஆலை இருந்தால் லாரியில் ஏற்றி அங்கே கொண்டுபோய்விடுவார்கள், அப்போது திரும்பாது. நான்காவது, இன்று கூட்டி வாங்கும் ஒன்றரை ரூபாய் 3 வருடத்தோடு நிற்பதில்லை, அடுத்த ஒப்பந்தப் பேச்சு அதன் மேலிருந்துதான் தொடங்கும். இளம் வயதுக்காரர்கள் இதைச் சொன்னால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் அதை எத்தனை ரூபாய் என்று எண்ணில் காட்ட முடியாது.

நிர்வாகம் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்பார்கள். ஊகம் சொல்லாதீர்கள், பார்த்ததைச் சொல்லுங்கள். நன்கு காய்ந்த பச்சைக் கொட்டை கிடங்கில் மாதக் கணக்கில் நிற்கும். அதனால் கிடங்கு நிறைந்திருப்பது முதலாளிக்கு அவசரம் என்பதற்கு அடையாளம் ஆகாது. அவசரத்தைக் காட்டுவது நடுவில் நிற்கும் சரக்கு. உடைத்துப் போர்மாவில் காயவைத்து, தொலி உரிக்கக் காத்திருக்கும் பருப்பு ஈரம் பட்டால் கெட்டுப்போகும், விலை இறங்கும். தேதி குறித்து ஏற்றுமதிக்கோ தீபாவளி, கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கோ ஆர்டர் எடுத்திருந்தால் அதுவும் அழுத்தம். பேக்கிங்கில் இருக்கிறவர்களுக்கு எந்தத் தரத்துக்கு ஆர்டர் நிற்கிறது என்று தெரியும். டபிள்யூ 320 டின்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கின்றனவா, அடுக்கியே கிடக்கின்றனவா என்று அவர்களைக் கேளுங்கள். அதைக்கூட மேடையில் "நாங்கள் பார்த்தது இது, இதன் பொருள் இப்படியும் இருக்கலாம்" என்ற அளவில் நிறுத்துங்கள். "மூன்று நாளில் இறங்கி வருவான்" என்று ஒரு செயலாளர் சொல்லி, நான்காம் நாள் ஷெட் வாசலில் அவரைச் சுற்றி நின்றவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆலையில் பல வருடத்துக்குச் சங்கத்தின் எந்த எண்ணையும் யாரும் நம்பவில்லை.

கூலிக் கணக்கில் வராத ஒன்றைச் சேர்க்க வேண்டும், பெண்களுக்கு இதுதான் உறைக்கும். ஈ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவி வாங்க 6 மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பங்களிப்பு இருக்க வேண்டும். அக்டோபர் முதல் மார்ச் வரையுள்ள நாட்கள் அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரைக்கும், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையுள்ளவை அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைக்கும் கணக்கு. உங்கள் ஆலையில் ஆறு மாதத்தில் 90 நாள் வேலை கிடைக்கிறது என்று வையுங்கள். 15 நாள் நின்றால் 75. மூன்று நாள் குறைவுக்காக அதற்குரிய ஆறு மாதத்தில் நோயில் படுத்தால் அந்தப் பணம் வராது. மூன்று நாள் முன்னதாக முடித்திருந்தால் வந்திருக்கும். ஒவ்வொருவருக்கும் அந்தக் காலத்தில் எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்பதை வருகைப் பதிவில் பார்த்து, எல்லையில் நிற்கிறவர்களிடம் கூட்டத்துக்கு முன்னாலேயே தனியாகச் சொல்லிவிடுங்கள். மேடையில் பெயர் சொல்ல வேண்டாம். குழுக் கடன் தவணையும் இப்படித்தான். வாரா வாரம் தவணை கட்டுகிற வீட்டில் இரண்டு வாரம் கூலி நின்றால் என்ன ஆகும் என்று அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியும். "கொஞ்சம் கஷ்டம் இருக்கும்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, சங்க நிதியில் எவ்வளவு இருக்கிறது, அதை ஆளுக்குப் பிரித்தால் எத்தனை நாள் அரிசிக்குக் காணும் என்று எண்ணோடு சொல்லுங்கள். நிதி இல்லை என்றால் இல்லை என்றே சொல்லுங்கள்.

எதிர்த் தரப்பின் வாதத்தை நீங்கள் உங்கள் வாயால் சொல்லும்போது அது தானாகவே சப்பையாகிவிடும், வேண்டுமென்று செய்யாவிட்டாலும். அதற்கு நான் கண்ட வழி எளிது. முந்தின நாளே அந்தக் கருத்து உள்ள ஒருவரிடம் போய், "உங்க காரணத்தை நாலு வரியில எழுதித் தாங்க, அப்படியே வாசிக்கிறேன்" என்று கேளுங்கள். வாசித்த பிறகு மேடையிலிருந்தே அவரைப் பார்த்து "இதுதானே, விட்டுப்போனது ஏதும் உண்டா?" என்று கேளுங்கள். அவர் தலையாட்டிய பிறகு மேலே போங்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே நேரம் கொடுங்கள். இன்னொரு சங்கத்து ஆட்களும், எந்தச் சங்கத்திலும் இல்லாதவர்களும் கேட்க வந்தால் உட்கார வையுங்கள். சமரச அலுவலர் முன்னால் கையெழுத்தாகும் ஒப்பந்தம் உறுப்பினர் அல்லாதவர்களையும், நாளை புதிதாகச் சேர்கிறவரையும் கட்டும். உங்களுக்கும் நிர்வாகத்துக்கும் இடையில் தனியாகப் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் கையெழுத்திட்ட தரப்புகளை மட்டும்தான் கட்டும். எந்த வகையில் கையெழுத்தாகப் போகிறது என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள்.

உங்கள் சொந்தக் கருத்தை மறைக்கச் சொல்லமாட்டேன். நீங்கள் எந்தப் பக்கம் என்று ஷெட்டில் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். மறைத்தால் அதுவே சந்தேகம் கிளப்பும். எல்லாத் தகவலும் முடிந்த பிறகு, கடைசியில், இது என் கருத்து என்று பெயர் வைத்து ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பேச்சு எப்படிக் கேட்கும் என்பதற்கு ஒரு துண்டு எழுதித் தருகிறேன், உங்கள் வாய்க்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

"அக்காமாரே, தங்கச்சிமாரே, இன்னைக்கு ஓட்டு ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். நிர்வாகம் சொன்ன தொகையை ஏற்கிறோமா, இல்லையா. இல்லைன்னு வந்தா நாளைக்கு வேலை உண்டு, எல்லாரும் வரணும். சங்கம் திரும்பப் பேசப் போகும். வேலைநிறுத்தம்னா அதுக்குத் தனி ஓட்டு, தனி நோட்டீஸ், 14 நாள். உடைப்புல இருக்கிறவங்களுக்குக் கேட்டதுக்கும் கிடைச்சதுக்கும் ஒரு நாளைக்கு 12 ரூபாய் வித்தியாசம். தரம் பிரிக்கிறவங்களுக்கு 5 ரூபாய். அதனால இந்த ரெண்டு கூட்டமும் வேற வேற மாதிரி யோசிக்கிறதுல தப்பு ஒண்ணும் இல்ல. வேலைநிறுத்தம்னு போனா எத்தன நாள் ஆகும்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு யாராவது சொன்னா எப்படித் தெரியும்னு கேளுங்க. என் கருத்து கேட்டா, இன்னொரு தடவை பேசிப் பாக்கலாம்னு நினைக்கிறேன். மேரி அக்கா ஏத்துக்கலாம்னு நினைக்கிறாங்க, அவங்க காரணத்த இப்பம் வாசிச்சேன். சீட்டு மடிச்சுப் போடறது, யாரு எதுக்குப் போட்டாங்கன்னு சங்கம் பாக்காது, நிர்வாகமும் பாக்க முடியாது."

இதில் "மேரி அக்கா" என்பது சும்மா ஒரு பெயர். உங்கள் ஆபீஸில் அந்தப் பெண்ணின் சம்மதம் கேட்காமல் மேடையில் பெயர் எடுக்காதீர்கள். மேற்பார்வையாளர் காதுக்குப் போகும் என்ற பயம் எந்தப் பக்கத்துக்காரருக்கும் இருக்கலாம். அப்படியென்றால் "நம்மில் சிலர்" என்று சொன்னால் போதும்.

வதந்தி ஒன்று கட்டாயம் வரும்: "கூலி கூட்டினால் ஆபீசை மூடிவிடுவார்கள், மிஷின் போட்டுவிடுவார்கள்." இதைச் சிரித்து ஒதுக்காதீர்கள், இந்த மாவட்டத்தில் ஷெட்டுகள் மூடியதைப் பார்த்தவர்கள் முன்னால் பேசுகிறீர்கள். உடைக்கும் இயந்திரங்கள் வந்துகொண்டிருப்பது உண்மை. உங்கள் முதலாளி என்ன செய்வார் என்பது அவருக்குத்தான் தெரியும். நிச்சயமாகச் சொல்லக்கூடியது சட்டம் மட்டும். 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஆலையை மூட 60 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிக் கூலி இழப்பீடாகத் தர வேண்டும். அதற்கு மேல் "மூடவே முடியாது" என்று சொல்லிவிடாதீர்கள். அரசின் முன் அனுமதி தேவைப்படுவது புதிய தொகுப்பின்படி 300 பேருக்குக் குறையாத ஆலைகளுக்குத்தான். நம் பக்கத்து ஷெட்டுகள் பலவற்றில் அவ்வளவு பேர் கிடையாது.

கடைசியாக, கூட்டத்துக்குப் பிறகு நடப்பதைப் பற்றி. மாற்றி வாக்களித்தவரை யாரும் வாசலில் மறிக்கவோ மிரட்டவோ கூடாது. வேலைநிறுத்தத்தில் சேராதவரை மிரட்டுவது, உள்ளே விடாமல் தடுப்பது ஆகியவை சங்கத்தின் பக்கத்து முறையற்ற தொழிலாளர் நடவடிக்கைகள் என்று சட்டத்தின் அட்டவணையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. வாக்கெடுப்பு நேரத்தில் சங்கத்தை உடைக்கும் நோக்கத்தில் நிர்வாகம் சிலருக்கு மட்டும் கூலி கூட்டுவதும் அதே அட்டவணையில் முதலாளி பக்கம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள், ஒன்றை மட்டும் சொன்னால் பேச்சு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். எண்ணுகிற வேலையை நீங்களோ உங்களோடு மேடையில் பேசியவரோ செய்ய வேண்டாம். உடைப்பிலிருந்து ஒருவர், தொலி உரிப்பிலிருந்து ஒருவர், தரம் பிரிப்பிலிருந்து ஒருவர், ஏற்கலாம் என்கிற பக்கத்திலிருந்து குறைந்தது ஒருவராவது அதில் இருக்கட்டும். மொத்தச் சீட்டு, செல்லாதவை, இரண்டு பக்க எண்ணிக்கை ஆகியவற்றைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதி, எண்ணியவர்கள் அனைவரும் கையெழுத்திட்டு, அன்றே ஷெட்டில் ஒட்டிவிடுங்கள். சமரசப் பேச்சு தொடங்கியிருந்தால், அந்தக் குறிப்பின் நகலைத்தான் அடுத்த பேச்சு நாளில் அலுவலரிடம் கொடுக்கப் போகிறீர்கள். அதனால் தேதியும் நேரமும் எழுத மறக்காதீர்கள்.